ஒன்பதாம் நோயாளியின் தூக்கம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்றொரு ஊர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த மனநோய் மருத்துவமனையில் சில நோயாளிகளுக்குத் தூக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் இரவு மருந்து, மறுநாள் இரவு மருந்தில்லை என்று மாறி மாறிப் போயிற்று. மருந்து உண்ட இரவுகளில் எத்தனை மணி நேரம் தூக்கம், உண்ணாத இரவுகளில் எத்தனை மணி நேரம் என்று குறித்து வைத்தார்கள். மருந்தியல் பேராசிரியர் ஆர்தர் குஷ்னியும் அவருடைய சக ஆய்வாளர் பீபிள்ஸும் 1905-ல் இதை ஒரு உடலியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். தூக்கம் அவர்களுடைய முதன்மைக் கேள்வி அல்ல. ஒரே வேதிப்பொருளின் இடப்பக்க வடிவமும் வலப்பக்க வடிவமும் உடலில் வேறுவேறாக வேலை செய்கின்றனவா என்பதே அவர்கள் அறிய விரும்பியது.

மூன்று ஆண்டுகள் கழித்து, டப்ளின் நகரத்து பீர் ஆலை ஒன்றில் வேலை பார்த்துவந்த ஒருவர் அந்தக் கட்டுரையிலிருந்து இரண்டு நெடுவரிசைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு இந்தப் பத்து வரி அட்டவணை, புள்ளியியல் படித்தவர்கள் பலரும் ஒரு முறையாவது கண்ட அட்டவணையாகிவிட்டது. மருந்தில்லாத இரவைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்பதை எண்கள் சொல்கின்றன. கழித்தல் குறி இருந்தால் தூக்கம் குறைந்தது என்று பொருள். கடைசி நெடுவரிசை, இரண்டாம் மருந்தின் எண்ணிலிருந்து முதல் மருந்தின் எண்ணைக் கழித்து வந்தது.

| நோயாளி | மருந்து 1 | மருந்து 2 | வித்தியாசம் |
|---|---|---|---|
| 1 | 0.7 | 1.9 | 1.2 |
| 2 | −1.6 | 0.8 | 2.4 |
| 3 | −0.2 | 1.1 | 1.3 |
| 4 | −1.2 | 0.1 | 1.3 |
| 5 | −0.1 | −0.1 | 0.0 |
| 6 | 3.4 | 4.4 | 1.0 |
| 7 | 3.7 | 5.5 | 1.8 |
| 8 | 0.8 | 1.6 | 0.8 |
| 9 | 0.0 | 4.6 | 4.6 |
| 10 | 2.0 | 3.4 | 1.4 |
| சராசரி | 0.75 | 2.33 | 1.58 |

இரண்டாம் மருந்து சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான தூக்கத்தைத் தந்திருக்கிறது. ஆனால் இருப்பது பத்தே பேர். ஒருவருடைய தூக்கமே இரவுக்கு இரவு மாறும். இரண்டு மருந்துக்கும் உண்மையில் வேறுபாடே இல்லாமல், தற்செயலாகவே இப்படி ஒரு அட்டவணை அமைந்திருக்கலாம் அல்லவா?

கருதுகோள் சோதனை இந்தச் சந்தேகத்திலிருந்துதான் தொடங்குகிறது. 'வேறுபாடு இல்லை' என்பதை முதலில் ஒப்புக்கொள்வதுபோல் வைத்துக்கொள்கிறோம். பாடநூல்கள் இதை இன்மைக் கருதுகோள் என்கின்றன. அது உண்மையானால் வித்தியாசங்களின் சராசரி பூஜ்ஜியத்தை ஒட்டியே விழ வேண்டும். கையில் உள்ள 1.58 பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி விழுந்திருக்கிறது, அவ்வளவு தூரம் விழுவது எத்தனைக்கு ஒரு முறை நடக்கும் என்று கேட்கிறோம். மிக அரிதாகத்தான் நடக்கும் என்றால், ஒப்புக்கொண்டதைக் கைவிடுகிறோம்.

தூரத்தை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். பத்து வித்தியாசங்களும் தம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைத் திட்டவிலக்கம் சொல்கிறது. இங்கே அது 1.23 மணி. தனியொருவரின் எண்ணைவிடப் பத்துப் பேரின் சராசரி குறைவாகவே ஆடும் என்பதால், அதைப் பத்தின் வர்க்கமூலமான 3.16-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 0.389, இதற்குப் பெயர் திட்டப் பிழை. 1.58-ஐ 0.389-ஆல் வகுத்தால் 4.06. அதாவது நம் சராசரி பூஜ்ஜியத்திலிருந்து நான்கு திட்டப் பிழை தூரத்துக்கும் சற்று அப்பால் நிற்கிறது.

இதுவரை வந்தது வெறும் கணக்கு. 4.06 என்பது எவ்வளவு அரிது என்று கேட்கும் இடத்தில்தான் இயல்நிலைப் பரவல் உள்ளே வருகிறது. நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் அந்த மணி வடிவக் கோட்டுக்கு அட்டவணைகள் நெடுநாளாகவே இருந்தன. அதில் பார்த்தால், வலப்பக்கத்தில் 4.06-ஐத் தாண்டி விழும் வாய்ப்பு ஏறத்தாழ 41,000-ல் ஒன்று. பத்து நோயாளிகளை வைத்துக்கொண்டு இத்தனை உறுதியோடு பேசலாமா? பேசக் கூடாது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்தான் அந்த பீர் ஆலைக்காரர்.

அவர் பெயர் வில்லியம் சீலி காசெட். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு 1899-ல் கின்னஸ் ஆலையில் சேர்ந்தவர். வாற்கோதுமை, மால்ட், ஈஸ்ட் என்று ஆலையில் அளக்க வேண்டியவை ஏராளம். ஆனால் ஒவ்வொன்றிலும் கிடைக்கும் அளவீடுகள் சிலவே. நான்கு வயல்களில் ஒரு விதையைப் போட்டுப் பார்த்தால் கிடைப்பது நான்கு எண்கள். அன்றைய புள்ளியியலோ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அளந்தவர்களுக்காகவே எழுதப்பட்டிருந்தது. 1906-ல் லண்டன் சென்று கார்ல் பியர்சனின் ஆய்வகத்தில் சில காலம் தங்கி இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார். 1908-ல் 'பயோமெட்ரிகா' இதழில் கட்டுரை வந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை விடாததால் 'ஸ்டூடன்ட்' என்று புனைபெயர் போட்டுக்கொண்டார். புள்ளியியலில் மாணவன் பெயரால் வழங்கும் டி சோதனை அப்படி வந்ததுதான்.

அவர் கண்ட சிக்கல் இது. இயல்நிலை அட்டவணையைப் பயன்படுத்தும்போது, சிதறலின் உண்மையான அளவு நமக்குத் தெரியும் என்று சொல்லாமலே எடுத்துக்கொள்கிறோம். இங்கே அது தெரியாது. 1.23 என்பது அதே பத்து எண்களிலிருந்து நாமே கறந்த மதிப்பீடு. ஆயிரம் அளவீடுகள் இருந்தால் அந்த மதிப்பீடு உண்மையை ஒட்டியே இருக்கும். பத்தோ நான்கோ மட்டும் இருந்தால், எண்கள் தற்செயலாக ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுந்து, சிதறல் உள்ளதைவிடச் சிறியதாகத் தெரிவது அடிக்கடி நடக்கும். சிறிய எண்ணால் வகுத்தால் விடை பெருக்கும். வேறுபாடே இல்லாத இடத்திலும் 3, 4 போன்ற பெரிய மதிப்புகள் இயல்நிலை அட்டவணை சொல்வதைவிட அதிகமாக வந்து விழும்.

எவ்வளவு அதிகமாக என்பதற்கு அவர் ஒரு சூத்திரம் கண்டார். ஆனால் நிறுவலில் ஓட்டைகள் இருந்ததை அவரே அறிந்திருந்தார். ஆகவே கையால் செய்து பார்த்தார். 3,000 சிறைக் கைதிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் ஏற்கெனவே ஓர் ஆய்வில் வெளியாகியிருந்தன. அவற்றை 3,000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்தார். 750 சிறு மாதிரிகள் கிடைத்தன. ஒவ்வொரு நான்குக்கும் சராசரியும் திட்டவிலக்கமும் கணக்கிட்டு, வந்த விகிதங்களைத் தன் சூத்திரத்தின் வளைகோட்டோடு ஒப்பிட்டார். கோடு பொருந்தியது. கணினியை வைத்து இன்று நொடியில் செய்யும் காரியத்தை அட்டையும் பென்சிலுமாக அவர் செய்தது, என் கண்ணுக்கு, சூத்திரத்தைவிடப் பெரிய சாதனை.

புதிய வளைகோடும் மணி வடிவம்தான். வால்கள் மட்டும் தடிப்பு. இயல்நிலைப் பரவலில் நூற்றில் 95 பங்கு 1.96-க்குள் அடங்கிவிடும். பத்து அளவீடுகள் உள்ளபோது அதே 95 பங்கை அடக்க 2.26 வரை போக வேண்டும். நான்கே அளவீடுகள் என்றால் 3.18 வரை, இரண்டே என்றால் 12.7. அளவீடுகள் கூடக்கூட இந்தக் கோடு இயல்நிலைக் கோட்டோடு போய்ச் சேர்ந்துவிடும். நம் 4.06-ஐத் தாண்டும் வாய்ப்பு இந்தக் கோட்டில் சுமார் 700-ல் ஒன்று. 41,000 எங்கே, 700 எங்கே! முடிவு மாறவில்லை, இரண்டாம் மருந்தே மேல். ஆனால் நமக்கிருந்த உறுதி ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

காசெட் தன் கட்டுரையில் இதே அட்டவணைக்குச் சொன்ன விடை, இரண்டாம் மருந்து சிறந்தது என்பதற்கு 666-க்கு 1 என்ற விகிதத்தில் பந்தயம் கட்டலாம் என்பது. எண் சரி, ஆனால் சொன்ன விதத்தில் ஒரு வழுக்கல் உண்டு, இன்றும் தேர்வுத்தாள்களிலும் மருத்துவக் கட்டுரைகளிலும் அதே வழுக்கலைப் பார்க்கிறோம். வேறுபாடு இல்லாவிட்டால் இப்படி ஒரு அட்டவணை வருவது எவ்வளவு அரிது என்பதைத்தான் சோதனை கணக்கிடுகிறது. அட்டவணை இப்படி வந்திருக்கும்போது வேறுபாடு இல்லாதிருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்ல, இந்த மருந்துகளைப் பற்றி முன்பே என்ன தெரியும் என்பதும் வேண்டும். பத்து எண்கள் மட்டும் போதாது.

இன்றைக்கு இந்தக் கணக்கை யாரும் கையால் போடுவதில்லை. ஆர் என்ற இலவச மென்பொருளில் இந்த அட்டவணை `sleep` என்ற பெயரிலேயே சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது:

```
with(sleep, t.test(extra[group == 2],
                   extra[group == 1],
                   paired = TRUE))
```

திரையில் `t = 4.0621`, `p-value = 0.002833` என்று வரும். இரு பக்க வால்களையும் சேர்த்துக் கணக்கிடுவதால் 700-ல் ஒன்று இங்கே இரட்டித்து, சுமார் 350-ல் ஒன்றாகத் தெரிகிறது. இப்போது கடைசிச் சொற்களான `paired = TRUE` என்பதை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். 4.06 சடாரென்று 1.86 ஆகிறது, பி-மதிப்பு 0.079. வழக்கமாக எல்லைக்கோடாகக் கொள்ளும் 0.05-ஐத் தாண்டிவிட்டதால், வேறுபாடு நிரூபணமாகவில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். அதே இருபது எண்கள், அதே சராசரிகள்.

என்ன நடந்தது? அந்தச் சொற்களை நீக்கியதும், முதல் நெடுவரிசையில் ஒரு பத்துப் பேர், இரண்டாவதில் வேறு பத்துப் பேர் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. ஏழாம் நோயாளி எந்த மருந்துக்கும் நன்றாகத் தூங்குகிறவர்: 3.7, 5.5. நான்காமவர் எதற்கும் அசையாதவர்: −1.2, 0.1. ஆளுக்கு ஆள் உள்ள இந்தப் பெரிய வேறுபாடு, மருந்துக்கு மருந்து உள்ள சிறிய வேறுபாட்டை மூழ்கடித்துவிடுகிறது. ஒரே ஆளிடம் இரண்டையும் கொடுத்துக் கழித்துப் பார்க்கும்போது, அந்த ஆளின் இயல்பு இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய், மருந்தின் வேறுபாடு மட்டும் மிஞ்சுகிறது. குஷ்னியின் சோதனை அப்படித்தான் நடந்தது. அதைக் கணக்கு தானாகக் கண்டுபிடிக்காது. இரண்டு நெடுவரிசை எண்களை மட்டும் கொடுத்து 'சோதித்துக் காட்டுக' என்று கேட்கும் தேர்வு வினா அரைகுறை வினா என்பேன். ஒரு வரிசையில் உள்ள இரண்டு எண்களும் ஒரே ஆளுடையவையா என்று சொல்லாதவரை அதற்கு ஒரே விடை கிடையாது.

இனி ஒன்பதாம் நோயாளிக்கு வருவோம். முதல் மருந்து அவரிடம் எதுவும் செய்யவில்லை, இரண்டாவது 4.6 மணி நேரம் கூடுதல் தூக்கம் தந்தது. மற்றவர்களின் வித்தியாசம் எல்லாம் 0-க்கும் 2.4-க்கும் இடையே இருக்க, இவர் மட்டும் தனியாக நிற்கிறார். சிதறலைக் கணக்கிட ஒவ்வொரு விலகலையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் மொத்தம் 13.6, அதில் 9.1 இவர் ஒருவரால் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு.

இரண்டாம் மருந்துக்கு மிகப் பெரிய சாட்சி இவர்தான், இவரை நீக்கினால் வாதம் வலுவிழக்கும் என்று தோன்றும். நீக்கிப் பாருங்கள். மீதி ஒன்பது பேரின் சராசரி 1.24-ஆக இறங்குகிறது. ஆனால் திட்டவிலக்கம் 1.23-லிருந்து 0.66-க்கு, ஏறத்தாழ பாதிக்கு, வீழ்கிறது. விகிதம் 4.06-லிருந்து 5.66-க்கு ஏறுகிறது! மருந்துக்குச் சாதகமாகப் பேசிய ஆளை வெளியேற்றியதும் மருந்தின் வழக்கு பலப்பட்டிருக்கிறது.

எதிர்த் திசையிலும் போய்ப் பார்க்கலாம். 4.6 என்பதைத் தட்டச்சுப் பிழையால் யாரோ 14.6 என்று அடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சராசரி 2.58-ஆக உயர்கிறது. திட்டவிலக்கமோ 4.27-ஆகிவிடுகிறது. விகிதம் 1.91. தேவைப்படும் 2.26-ஐத் தொடவில்லை. ஒரு நோயாளி பத்து மணி நேரம் கூடுதலாகத் தூங்கியதால் மருந்து தோற்றுப்போகிறது. அந்த ஓர் எண்ணை இன்னும் இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போனால் விகிதம் 1-ஐ நோக்கி இறங்கும். மற்ற ஒன்பது பேரும் என்ன சொன்னார்கள் என்பதே கேட்காமல் போய்விடும்.

காசெட்டின் கோட்டுக்கு இயல்நிலைப் பரவல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. 'எண்கள் மணி வடிவில் இருக்க வேண்டும்' என்று மட்டும் சொல்லிப் பாடநூல்கள் நகர்ந்துவிடுகின்றன. உண்மையான தேவை இன்னும் நுட்பமானது. விகிதத்தின் மேலே சராசரி இருக்கிறது, கீழே சிதறல் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியாக ஆட வேண்டும். ஒரு மாதிரியில் சராசரி தற்செயலாக உயர்ந்துவிட்டது என்ற செய்தி, அதன் சிதறல் பெரிதா சிறிதா என்பதைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. காசெட் இதை அரைகுறையாகத்தான் காட்டினார். இளைஞராயிருந்த ரொனால்ட் ஃபிஷர் அடுத்த சில ஆண்டுகளில் வடிவியல் வழியாக முழு நிறுவலைத் தந்தார். 1936-ல் அயர்லாந்துப் புள்ளியியலாளர் ராய் கியரி இதன் மறுபக்கத்தையும் நிறுவினார்: சராசரியும் சிதறலும் இப்படி ஒன்றையொன்று சாராமல் இருப்பது இயல்நிலைப் பரவலில் மட்டுமே.

ஒரு பக்கம் நீண்ட வால் கொண்ட பரவலில் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. வாலிலிருந்து ஒருவர் மாதிரிக்குள் வந்து விழுந்தால், சராசரியையும் தூக்குவார், சிதறலையும் சேர்த்துத் தூக்குவார். நம் ஒன்பதாம் நோயாளி செய்தது அதுதான். வித்தியாசங்களின் உண்மையான பரவல் இப்படி வலப்பக்கம் நீண்டது என்றால், வேறுபாடே இல்லாத நிலையில் 4.06 போன்ற பெரிய நேர்மதிப்பு வருவது காசெட்டின் கோடு சொல்வதைவிட இன்னும் அரிது. அந்தக் கோடு இங்கே அளவுக்கு மீறி எச்சரிக்கையாகப் பேசியிருக்கிறது. இடப்பக்கத்தில் நிலைமை தலைகீழ்: பெரிய எதிர்மதிப்புகள் கோடு சொல்வதைவிட அடிக்கடி வரும். வால் எந்தப் பக்கம் நீள்கிறதோ அதைப் பொறுத்து, ஒரே சோதனை ஒரு பக்கம் கருமியாகவும் மறுபக்கம் ஊதாரியாகவும் நடந்துகொள்கிறது.

பத்து எண்களை வைத்துக்கொண்டு அவற்றின் பரவல் இயல்நிலையா இல்லையா என்று தீர்மானிக்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. அதற்கென்றே தனிச் சோதனைகள் உண்டு. சிறு அட்டவணைகளில் அவை கண்மூடித்தனமாகத் தேர்ச்சி கொடுத்துவிடும். பெரிய அட்டவணைகளில், பொருட்படுத்த வேண்டாத கோணலுக்கும் கொடி பிடிக்கும். அதைவிட, இயல்நிலையை நம்பாத ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஐந்தாம் நோயாளிக்கு வித்தியாசம் பூஜ்ஜியம், அவரை ஒதுக்கிவிடுவோம். மீதி ஒன்பது பேரிலும் ஒன்பது பேருக்கும் இரண்டாம் மருந்தே மேல். மருந்துகளில் வேறுபாடு இல்லையென்றால் ஒவ்வொருவருக்கும் இது பூவா தலையா போட்டதற்குச் சமம். ஒன்பதும் ஒரே பக்கம் விழ வாய்ப்பு 512-ல் ஒன்று. எந்தப் பக்கமானாலும் சரி என்றால் 256-ல் ஒன்று. தசமத்தில் 0.0039. டி சோதனை தந்தது 0.0028. திட்டவிலக்கமும் இல்லை, மணி வடிவமும் இல்லை, 4.6 என்பது 14.6 ஆனாலும் விடை அசையாது. இந்த அட்டவணையின் முடிவை நான் நம்புவது 4.06-ஐப் பார்த்து அல்ல, இந்த ஒன்பதுக்கு ஒன்பதைப் பார்த்துத்தான்.

ஆனால் எந்தக் கணக்காலும் பிடிக்க முடியாத சில பிழைகள் அட்டவணைக்குள்ளேயே இருந்தன. ஒவ்வொரு எண்ணும் ஒரே இரவின் அளவு அல்ல. பல இரவுகளின் சராசரி. எத்தனை இரவுகள் என்பது எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. குறைந்த இரவுகளின் சராசரி அதிகம் ஆடும், நிறைய இரவுகளின் சராசரி குறைவாக ஆடும். சோதனையோ பத்து எண்களுக்கும் சமமான மரியாதை கொடுக்கிறது. ஒரு நோயாளிக்குள் இரண்டு மருந்துகளையும் ஒப்பிடுவதால்தான் பலம் என்று மேலே சொன்னோம். அந்த இரண்டையும் மருந்தில்லாத அதே இரவுகளின் சராசரியோடுதான் ஒப்பிட்டிருக்கிறார்கள் என்பதால், கழிக்கும்போது அது நல்லவேளையாக அடிபட்டுப் போகிறது. மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கப்பட்ட வரிசை மட்டும் அப்படி அடிபடுவதில்லை. எது முதலில், எது பிறகு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் வழக்கம் அன்று இல்லை; ஃபிஷர் அதை வலியுறுத்தத் தொடங்கியது 1920-களில்தான்.

இன்னொன்று மருந்தின் பெயரைப் பற்றியது. காசெட் தன் கட்டுரையில் இரண்டு நெடுவரிசைகளுக்கும் ஹயோசயமின் என்ற ஒரே பொருளின் வலப்பக்க, இடப்பக்க வடிவங்கள் என்று தலைப்பிட்டார். ஃபிஷரும் 1925-ல் எழுதிய புகழ்பெற்ற கையேட்டில் அப்படியே எடுத்தாண்டார். குஷ்னியின் கட்டுரையில் இருந்ததோ வேறு. முதல் நெடுவரிசை ஹயோசயமின், இரண்டாவது ஹயோசின். இரண்டு தனித்தனி மருந்துகள். இரண்டும் இடப்பக்க வடிவமே. ஆக, புள்ளியியல் வரலாற்றின் முதல் டி சோதனை, கேட்கப்படாத ஒரு கேள்விக்கு, மூன்று தசம இடம் வரை சரியான விடையைச் சொல்லியிருக்கிறது. மென்பொருளிலோ இன்றும் அந்த நெடுவரிசைகளுக்கு 1, 2 என்றுதான் பெயர்.